அந்தச் செய்தியில் தூங்கினது யார்?

"யாங்கூனில் ஒரு கிளியரிங் ஆபீசில் இரண்டு வருடமாக வேலை. போன வாரம் காலை 7.30க்குத் திலாவா துறைமுகத்தில் நிற்க வேண்டியவன், கண் விழித்தபோதே மணி 7.10. எங்கள் மேனேஜர் ஐயாவுக்கு வைபரில் இப்படி அனுப்பினேன்: 'குட் மார்னிங் ஐயா. ரொம்ப ஸாரி. அலாரம் அடிக்கவே இல்லை. நேத்து ராத்திரி 2 மணி வரைக்கும் பேக்கிங் லிஸ்ட்தான் பண்ணிட்டு இருந்தேன். அதனால கொஞ்சம் தூங்கிட்டேன் போல. சீக்கிரம் வந்துடுவேன். தயவு செய்து புரிஞ்சுக்கோங்க.' ஐயா 'ம்' என்று மட்டும் பதில் போட்டார். அதிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மரியாதையாகத்தானே எழுதினேன்? தொனியில் என்ன தப்பு?"

மரியாதையில் குறையில்லை தம்பி. 'ஐயா' இருக்கிறது, 'ங்க' இருக்கிறது, ஸாரியும் இருக்கிறது. ஆனால் அவ்வளவு நீளச் செய்தியில் தூங்கினவர் என்று ஒருவரும் இல்லை. ஐயாவுக்கு உறுத்தியது அதுவாகத்தான் இருக்கும்.

ஒரு தாள் எடுத்து உங்கள் செய்தியின் வினைச்சொற்களை மட்டும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதைச் செய்தவர் யார் என்று எழுதிப் பாருங்கள். அடிக்கவே இல்லை: அலாரம். பண்ணிட்டு இருந்தேன்: நீங்கள், அதுவும் ஆபீஸ் வேலை. தூங்கிட்டேன் போல: நீங்கள்தான், ஆனால் 'போல' சேர்த்ததில் பக்கத்து வீட்டுக்காரர் தூங்கினதை எட்டிப் பார்த்துச் சொல்வது போல ஆகிவிட்டது. வந்துடுவேன்: நீங்கள். புரிஞ்சுக்கோங்க: ஐயா. ஆகத் தப்பு அலாரத்தின் மேல், காரணம் ஆபீஸின் மேல், புரிந்துகொள்கிற வேலை ஐயாவின் மேல். உங்கள் பங்கு ராத்திரி கண் விழித்ததும் இனி வரப்போவதும் மட்டும்.

தொனி பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இந்த ஊர் ஆபீசுகளில் இருபத்தெட்டு வருஷம் ஓட்டியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் வகுப்பில் தமிழும் சொல்லிக்கொடுக்கிறேன். செய்தி அனுப்பும் இடத்திலும் இருந்திருக்கிறேன், 'ம்' போடும் இடத்திலும் இருந்திருக்கிறேன்.

முதலில் 'அலாரம் அடிக்கவே இல்லை'. தொனியைத் தொடுவதற்கு முன் இது உண்மையா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் தொனி கெடுவது இங்கேதான் தொடங்குகிறது. ஐபோன் என்றால் சைலண்டில் போட்டிருந்தாலும் அலாரம் அடிக்கும், தொந்தரவு செய்யாதே என்று வைத்திருந்தாலும் அடிக்கும். ஆண்ட்ராய்டில் அலாரத்துக்கு என்று தனி ஒலியளவு உண்டு, அதை யாரோ சுழியத்துக்கு இறக்கியிருந்தால் சத்தம் வராது. போன் அணைந்துவிட்டால் இரண்டிலும் பொதுவாக அடிக்காது. மற்றபடி பெரும்பாலான நாள் நடப்பது வேறு. அடித்திருக்கும், கை தானாகப் போய் நிறுத்தியிருக்கும், அது மூளையில் பதிந்திருக்காது. ஆழ்ந்த தூக்கத்தில் எழுப்பப்பட்டவன் சில வினாடி விழித்து ஒரு காரியம் செய்துவிட்டு, அதை அடியோடு மறந்து திரும்பத் தூங்குவது சாதாரணம். உங்களுக்கு அது அடிக்காத அலாரம். இத்தனை வருஷம் எத்தனையோ பையன்களைப் பார்த்துவிட்ட ஐயாவுக்கு அது நிறுத்தப்பட்ட அலாரம்.

எனக்கு இருபத்தைந்து வயதில் இதே மாதிரி ஒரு காலை வந்தது. அப்போது எங்கள் தெருவில் கரண்ட் போவது தினசரி விஷயம். "ராத்திரி கரண்ட் இல்லை சயா, கரண்ட் கடிகாரம் நின்னு போச்சு, அலாரம் அடிக்கலை" என்று என் மேனேஜரிடம் அடித்து விட்டேன். கேட்பதற்கு நல்ல காரணம், இந்த ஊரில் யாரும் நம்புவார்கள். எங்கள் சயா குடியிருந்தது இரண்டு வீடு தள்ளி, அதே லைனில். அவர் வீட்டில் ராத்திரி முழுக்க மின்விசிறி சுற்றியிருக்கிறது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் ஒரு வருஷம், நான் நிஜமாகவே கரண்ட் இல்லை என்று சொன்ன நாளிலும், "அப்படியா?" என்று ஒரு இழுப்பு இழுப்பார்.

ஆகவே உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுத வேண்டும். போனில் அலாரம் வைத்திருந்தது தெரிகிறது, அடித்ததா என்று நினைவில்லை. அப்படியானால் "அலாரம் வச்சிருந்தேன், எழுந்திருக்கலை" என்பது உண்மை. "அலாரம் அடிக்கவே இல்லை" என்பது ஊகம். அதிலும் அந்த 'அடிக்கவே' என்ற சொல்லில் ஒட்டியிருக்கும் ஏகாரம் இருக்கிறதே, அது அடித்துப் பேசுகிறது. யாரும் சந்தேகப்படாத இடத்தில் நாமே அடித்துப் பேசினால்தான் சந்தேகம் பிறக்கிறது.

அடுத்தது தூக்கம். தமிழில் தூங்கியதைச் சொல்ல ஒரே ஒரு வினை போதாது, பின்னால் வரும் துணைவினைதான் பழியை யார் எடுக்கிறார் என்று சொல்கிறது. 'தூங்கினேன்' என்று வெறுமனே எழுதினால் வேண்டுமென்றே செய்தது போல இருக்கும்: "நேத்து நல்லா தூங்கினேன்" என்பது போல. காரணம் சொல்லும் இடத்தில் அது திமிராகக் கேட்கும். 'தூங்கிட்டேன்' என்பதில் 'விடு' ஒளிந்திருக்கிறது. நடந்திருக்கக் கூடாது, நடந்துவிட்டது, செய்தது நான், என்று மூன்றையும் அது ஒன்றாகச் சொல்லிவிடுகிறது. காரணக் கடிதத்துக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது.

'தூங்கிப் போயிட்டேன்' என்பது இன்னும் ஒரு படி இறங்கி வருகிறது. 'போ' சேர்ந்தால் என் கையில் இல்லாமல் நடந்தது என்ற பொருள் வந்துவிடும். உடைந்து போச்சு, மறந்து போச்சு, அந்த வரிசை. பர்மிய மொழியில் தூங்கிவிட்டதைச் சொல்லும்போது கடைசியில் 'த்வா' வருகிறதே, போவது என்ற அதே சொல், அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதனால் பர்மியப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகள் தமிழில் எழுதும்போது இயல்பாகவே 'போயிட்டேன்' பக்கம் சாய்வார்கள். தப்பில்லை. உட்கார்ந்த இடத்தில் கண் அசந்ததற்கும், பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டியதற்கும் அது சரி. ஆனால் அலாரம் வைத்துப் படுத்து எழாமல் போனதற்கு 'தூங்கிப் போயிட்டேன்' கொஞ்சம் செல்லமாகக் கேட்கும். அம்மாவிடம் சொல்லலாம்.

எல்லாவற்றுக்கும் கீழே இருப்பது 'எனக்கு முழிப்பு வரலை'. இதில் 'நான்' மறைந்து 'எனக்கு' ஆகிவிட்டது. பசி வருகிறது, காய்ச்சல் வருகிறது என்பது போல, விழிப்பு என்ற ஒன்று வெளியிலிருந்து வர வேண்டியது, இன்றைக்கு அது வரவில்லை, நான் என்ன செய்வேன் என்கிற தோரணை. வீட்டில் பேசும்போது யாரும் இப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. காலை ஏழரைக்குத் துறைமுக வாசலில் லாரி நிற்கிறதா என்று கவலையில் இருப்பவர் பிரித்துப் பார்ப்பார், இலக்கணம் தெரியாமலே.

உங்கள் வரி 'கொஞ்சம் தூங்கிட்டேன் போல'. நடுவில் இருக்கும் வினை சரியான வினை. முன்னால் 'கொஞ்சம்', பின்னால் 'போல', இரண்டும் சேர்ந்து அதைத் தின்றுவிட்டன. 'கொஞ்சம்' தூக்கத்தின் அளவைக் குறைக்கவில்லை, தப்பின் அளவைக் குறைக்கிறது. அந்த அளவைத் தீர்மானிக்க வேண்டியவர் ஐயா. இரண்டையும் எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். 'தூங்கிட்டேன்.' ஒரே சொல், நெஞ்சில் கொஞ்சம் உறைக்கிறது. உறைத்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது 'பேக்கிங் லிஸ்ட்தான் பண்ணிட்டு இருந்தேன்'. இரவு இரண்டு மணி வரை வேலை பார்த்தது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அது பெரிய விஷயம், ஐயாவுக்குத் தெரியத்தான் வேண்டும். ஆனால் அந்தத் 'தான்' வேலையை வாதமாக மாற்றிவிட்டது. 'உங்கள் வேலையைத்தானே செய்தேன்' என்று காதில் விழும். அடுத்த வரியில் 'அதனால' என்று கோத்தது அதை உறுதியும் செய்துவிட்டது. இதை வேறு மாதிரி சொல்ல முடியும்: "பேக்கிங் லிஸ்ட் முடிச்சு மெயில்ல போட்டிருக்கேன்." அவ்வளவுதான். மெயிலைத் திறந்தால் அனுப்பிய நேரம் 1.52 என்று இருக்கும். நீங்கள் சொல்லாமலே அது சொல்லும், நீங்கள் சொல்வதைவிட நன்றாகவும் சொல்லும். தினமும் இப்படி நள்ளிரவு வரை வேலை இழுக்கிறது என்றால் அது பேச வேண்டிய சங்கதிதான். அதைத் தூங்கிப்போன காலையில் பேசக்கூடாது, இன்னொரு நாள் சாயங்காலம் நேரில் பேசலாம். மன்னிப்பும் குறையும் ஒரே செய்தியில் போனால் குறை மட்டும்தான் போய்ச் சேரும்.

'தயவு செய்து புரிஞ்சுக்கோங்க' உங்களுக்குப் பணிவாகத் தெரிந்திருக்கும். 'தயவு செய்து' எத்தனை முறை போட்டாலும் 'புரிஞ்சுக்கோங்க' ஏவல்தான். ஐயா ஒன்றைச் செய்ய வேண்டும் என்கிறீர்கள், அதுவும் அவர் இதுவரை புரிந்துகொள்ளாதவர் என்பது போல. இதே இடத்தில் 'மன்னிச்சுக்கங்க ஐயா' என்பதும் ஏவல்தானே என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் அதில் தப்பு நடந்தது என்ற ஒப்புதல் உள்ளே இருக்கிறது, 'புரிஞ்சுக்கோங்க'வில் இல்லை. 'மன்னிக்கவும்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது 'வரிசையில் நிற்கவும்', 'செருப்பைக் கழற்றவும்' என்கிற அறிவிப்புப் பலகை வடிவம். ஊருக்கே பொதுவாகச் சொல்வது, ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. தெரியாத கம்பெனிக்கு மெயில் எழுதினால் பொருந்தும். இரண்டு வருஷமாகத் தினமும் பார்க்கிற மனிதருக்குப் பொருந்தாது.

இளம் பிள்ளைகளின் செய்திகளில் நான் அடிக்கடி பார்க்கும் இன்னொன்று, உங்களிடம் இல்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். 'ஸாரி நோ' என்று பர்மிய வழக்கில் இழுத்து முடிப்பது. பர்மியத்தில் அந்த 'நோ' கனிவானது, கூட வேலை பார்ப்பவர்களுக்குத் தமிழ்ச் செய்தியிலும் போடலாம். மூத்தவருக்குப் போட்டால் கொஞ்சல். அதே போல 'ஆனாடே' என்பதைத் தமிழாக்கி 'ரொம்ப சங்கடமா இருக்குங்க ஐயா' என்று எழுதுவார்கள். அடுத்தவரைச் சிரமப்படுத்துகிறோமே என்ற கூச்சம்தான் ஆனாடே, பர்மியத்தில் அது எதிரில் இருப்பவரைப் பற்றிய சொல். தமிழில் 'சங்கடமா இருக்கு' என்றால் எனக்குச் சங்கடம், என்னைத் தேற்றுங்கள் என்று ஆகிவிடும். மொழிபெயர்க்கும்போது கூச்சம் ஐயாவிடமிருந்து உங்களிடம் இடம் மாறிவிடுகிறது.

சரி, அன்றைக்கு என்ன அனுப்பியிருக்கலாம்? முதலில், 7.10க்கு எழுந்து 7.30க்கு நிற்க வேண்டியவர் செய்தியே அனுப்பியிருக்கக் கூடாது, போன் செய்திருக்க வேண்டும். யாங்கூனிலிருந்து பாலம் தாண்டித் தன்லின் வழியாகத் திலாவா போய்ச் சேர, காலை நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். அதாவது 7.10க்கே தெரிந்துவிட்டது, 7.30 தப்பிவிட்டது என்று. வேறு ஏற்பாடு செய்ய ஐயாவுக்கு அந்த இருபது நிமிடம் இருந்தது. வைபரில் போட்ட செய்தியை அவர் 7.50க்குப் பார்த்தார் என்றால் அந்த வாய்ப்பும் போச்சு. அவர் கோபத்தில் பாதி இதுவாக இருக்கலாம், தொனி மீது மட்டும் பழி போட வேண்டாம். போனை எடுக்காவிட்டால்தான் செய்தி, அதுவும் இப்படி:

"ஐயா, நான் இன்னும் வீட்ல இருக்கேன். அலாரம் வச்சும் எழுந்திருக்காம தூங்கிட்டேன். திலாவா வர 8.45 ஆகும். டெலிவரி ஆர்டர் ஒரிஜினல் என் பையில இருக்கு, அதனால நான் வராம கேட்ல விடமாட்டாங்க. டிரைவர்கிட்ட பேசிட்டேன், லாரியை ஓரமா போட்டு நிக்கிறார். பேக்கிங் லிஸ்ட் மெயில்ல போட்டிருக்கேன். மன்னிச்சுக்கங்க ஐயா."

இதில் முதல் வரியைக் கவனியுங்கள். 'குட் மார்னிங்' இல்லை. அவசரத்தில் வணக்கம் சொல்லித் தொடங்கினால் கேட்கிறவருக்கு அவசரம் தெரியாது. ஐயாவுக்கு முதலில் தெரிய வேண்டியது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது, அது முதலில் வந்துவிட்டது. 'வீட்ல இருக்கேன்' என்று எழுதக் கை கூசும். பலர் 'கிளம்பிட்டேன்' என்று எழுதிவிட்டுப் பல் விளக்கப் போவார்கள். மூன்றாவது வரியில் நேரம் வரும்போது அது கணக்கு இடித்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

'சீக்கிரம் வந்துடுவேன்' என்பதற்குப் பதில் 8.45. அந்த எண்ணை எப்படிப் போடுவது என்றால், வீட்டை விட்டு இறங்க ஆகும் நேரத்தையும் வழியில் ஆகும் நேரத்தையும் கூட்டி, பத்து நிமிடம் சேர்த்து எழுதுங்கள். 8.15 என்று எழுதி 8.45க்குப் போனால் ஒரே காலையில் இரண்டு முறை தாமதம் ஆனவர் நீங்கள். 8.45 என்று எழுதி 8.40க்குப் போனால் ஒரு முறைதான்.

தூக்கத்தைச் சொன்ன வரி ஒரே வரி. அதில் அலாரமும் இருக்கிறது, ஆனால் பழி தாங்க இல்லை. 'வச்சும் எழுந்திருக்காம' என்பதில் இரண்டையும் செய்தவர் நீங்கள். முன்னேற்பாடு செய்திருந்தேன் என்ற சின்ன நியாயமும் அதிலேயே அடங்கிவிடுகிறது, வாதாடாமல். மன்னிப்பு கடைசியில், ஒரே முறை. மேலே 'ரொம்ப ரொம்ப ஸாரி' என்று கொட்டி, கீழேயும் கொட்டினால் ஐயாதான் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டிவரும். அவருக்கு அப்போது லாரியைப் பார்க்கிற வேலை இருக்கிறது.

எழுதிய உடனே அனுப்பவும் வேண்டாம். தூங்கி எழுந்த முதல் கால் மணி, அரை மணி நேரம் மூளை முழுதாக விழிக்காது. கை கால் ஓடும், சொல் தேர்வு ஓடாது. உங்கள் செய்தியில் 'போல'வும் 'தான்'உம் வந்து உட்கார்ந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன், பகலில் நீங்கள் அப்படி எழுதுகிறவராகத் தெரியவில்லை. முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டு, செய்தியை ஒரு முறை வாய்விட்டு, ஐயா எதிரில் நிற்பதாக நினைத்துப் படியுங்கள். எந்தச் சொல்லில் குரல் தானாக மேலே ஏறுகிறதோ அது வாதாடும் சொல், எடுத்துவிடுங்கள். எந்தச் சொல்லில் முனகலாக இறங்குகிறதோ அது ஒளியும் சொல், அதையும் எடுத்துவிடுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. அனுப்பிய பிறகு அழித்து வேறு எழுதலாம் என்று நினைக்காதீர்கள். செய்தி நீக்கப்பட்டது என்ற வரி அங்கே நிற்கும், அதைவிட மோசமான தொனி கிடையாது.

ஒரு வரம்பும் உண்டு. இந்த வடிவம் முதல் முறைக்கு வேலை செய்யும். மாதத்துக்குள் இரண்டாம் முறை என்றால் 'தூங்கிட்டேன்' என்ற சொல்லே தேய்ந்துவிட்டிருக்கும். அப்போது காரணம் எழுதாமல் "ஐயா, திரும்பவும் அதே தப்பு பண்ணிட்டேன். 8.45 ஆகும். வந்ததும் நேர்ல பேசுறேன்" என்று நிறுத்திக்கொள்வது உத்தமம்.

இப்போது அந்த 'ம்'. ஒரு வாரம் ஆகிவிட்டது, இனி செய்தி எதுவும் அனுப்ப வேண்டாம், விளக்கம் வேண்டவே வேண்டாம். ஐயா காலையில் டீ குடிக்கும் நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அறையில் வேறு யாரும் இல்லாதபோது போய், "அன்னைக்கு அலாரம் அடிக்கலைன்னு எழுதினேன் ஐயா. அடிச்சிருக்கும், நான்தான் எழுந்திருக்கலை" என்று சொல்லுங்கள். இங்கே அந்தத் 'தான்' இருக்கலாம். சொல்லிவிட்டு அன்றைய வேலையைப் பற்றி ஏதாவது கேளுங்கள், எந்தக் கன்டெய்னர், எத்தனை மணி என்று. அவர் பதில் சொல்ல ஆரம்பித்தால் உட்காருங்கள்.